நாள் வழங்கும் வள்ளல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைச் சாலையில் தேதி இல்லாத பொருளைக் காண்பது அரிது. ஒரகடத்தில் வெந்து வெளிவரும் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள், நான்கு இலக்கம் விரலில் தட்டும். 0625 என்றால் 2025-ஆம் ஆண்டின் ஆறாவது வாரத்தில் பிறந்த டயர். இருங்காட்டுக்கோட்டையில் வரிசையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு காருக்கும் தனி எண் உண்டு. கேட்டில் கார்டு காட்டி உள்ளே போன தொழிலாளி எத்தனை நிமிடம் தாமதம் என்பது அவனுக்கு முன்னால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். இவ்வளவு கறாரான ஊரில் கற்பனைக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் அடித்துக் கொடுக்கும் அண்ணன்.

அவருடைய பெருமையைப் பாட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. பயோடேட்டா, பி.எப். பணம் எடுக்கும் விண்ணப்பம், ஆதார் முகவரி மாற்றம், வாடகை ஒப்பந்தம் என்று அவர் செய்யும் தொண்டுகள் பல. ஆனால் அவற்றிலெல்லாம் அவர் கை கட்டுண்டு கிடக்கிறது. பி.எப். விண்ணப்பத்தில் வேலையில் சேர்ந்த தேதியைத் தப்பாகப் போட்டால் பணம் வராது; ஆதாரில் பிறந்த தேதியை இஷ்டத்துக்குப் போட முடியாது. அங்கெல்லாம் அவரும் நம்மைப் போலச் சாதாரண மனிதராகி, 'கரெக்ட்டா சொல்லுங்க சார்' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவருடைய கலை கட்டவிழ்ந்து ஆடுவது பள்ளி விடுப்புக் கடிதத்தில் மட்டும்தான். காசும் அதிகம் கேட்பதில்லை. ஒரு பக்கத்துக்கு டைப்பிங், ஒரு பிரிண்ட், அவ்வளவுதான். அதில் வரும் நாட்கள் இலவசம்.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் வாரம் மாறும் ஷிப்ட். அந்த வாரம் நைட். 2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. பையன் பள்ளிக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் முதுகில் நாலைந்து முத்து. அம்மா பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். சின்னம்மை. வாசலில் வேப்பிலை சொருகினாள், தாளிப்பை நிறுத்தினாள். அம்மைக்கு டாக்டரிடம் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே ஓ.பி. சீட்டு இல்லை, மருந்துக்கடை பில் இல்லை, சான்றிதழும் இல்லை. மூன்று தண்ணீர் ஊற்றி முடித்து, பொருக்கெல்லாம் காய்ந்து, 17-ஆம் தேதி திங்கட்கிழமை பையன் பள்ளிக்குப் போக வேண்டும். லெட்டர் இல்லாமல் வகுப்பில் உட்கார விட மாட்டார்கள் என்று பையன் அழுகிறான். அப்பா கடைக்கு வருகிறார்.

"அண்ணே, ஒரு லீவ் லெட்டர் வேணும். பையனுக்கு. ஏழாவது."

"என்னாச்சு?"

"அம்மை போட்டிருந்துச்சுண்ணே."

"காய்ச்சல்னு போட்டுரலாம். எத்தன நாளு?"

"ஒரு வாரம் இருக்கும்."

"என்னிலேர்ந்து?"

"அது... நான் அப்ப நைட் ஷிப்டுண்ணே. வெள்ளியா, சனியா..."

"விடுங்க, நான் பாத்துக்குறேன்."

கடைசியில் வந்த அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். அதில் உள்ள தைரியம் எத்தனை பேருக்கு வரும்! பெற்ற தகப்பனுக்கே தெரியாத நாளை, அந்தப் பையனை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கண்டுபிடிக்கிறார். வெள்ளி சனியெல்லாம் குழப்பம். திங்கள் என்றால் சுத்தமாக இருக்கும். ஒரு வாரம் என்றால் திங்கள் முதல் வெள்ளி. கடிதம் பிறக்கிறது: 'எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக 10-02-2025 முதல் 14-02-2025 வரை 5 நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகையால் மேற்படி நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'. அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து. மேலே 'மதிப்பிற்குரிய ஐயா'. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓர் அம்மா என்பது இங்கே பொருட்டல்ல. வள்ளல்கள் பெறுபவரின் அடையாளத்தைப் பார்ப்பதில்லை.

இந்தக் கடிதத்தின் நயங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் நயம், பிப்ரவரி 11. அன்று செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். தமிழ்நாட்டில் 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறை. பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்த நாளுக்கும் சேர்த்து நம் பையன் பணிவுடன் விடுப்புக் கேட்டிருக்கிறான். இதைவிடக் கீழ்ப்படிதலுள்ள மாணவன் கிடைப்பானா? முருகன் கொடுத்த லீவு போதாது, தலைமையாசிரியரும் ஒப்புதல் தர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை! பள்ளிக்குத் தெரிந்த கணக்கில் அவன் வராத வேலை நாட்கள் 10, 12, 13, 14 என்று நான்குதான். வருகைப் பதிவேட்டில் காலை ஒரு வேளை, பிற்பகல் ஒரு வேளை என்று எட்டு வேளை. கடிதத்தில் ஐந்து நாள். பையன் வீட்டில் கிடந்த நாளை எண்ணினால் 8 முதல் 16 வரை ஒன்பது. ஒரே அம்மைக்கு மூன்று கணக்கு. தணிக்கைக்கு வருபவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தாராளம் வேறெங்கே உண்டு?

இரண்டாவது நயம்தான் பெரியது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்தவருக்கே தான் செய்த உதவியின் அளவு தெரியாது.

சின்னம்மை முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றும். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றிக்கொண்டே இருக்கும். நம் பையனுக்கு முத்து தெரிந்தது 7-ஆம் தேதி இரவு. அப்படியானால் 5, 6, 7 ஆகிய மூன்று நாளும், அதாவது புதன், வியாழன், வெள்ளி, அவன் வகுப்பில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனோடு ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்து, மதிய உணவு வரிசையில் நின்று, தாராளமாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறான். தொற்றியவர்களுக்கு நோய் வெளியே தெரியப் பத்து நாள் முதல் இருபத்தொரு நாள் வரை ஆகும். 5-ஆம் தேதியிலிருந்து பத்து நாள் என்றால் 15. 7-ஆம் தேதியிலிருந்து இருபத்தொரு நாள் என்றால் 28. ஆக, பிப்ரவரி 15 முதல் 28 வரை அந்த வகுப்பில் யாருக்குக் காய்ச்சலடித்தாலும், சட்டையைத் தூக்கி முதுகைப் பார் என்று வகுப்பாசிரியர் சொல்ல வேண்டிய காலம் அது.

இப்போது நம் அண்ணனின் கடிதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். காய்ச்சல் என்று போட்டுவிட்டாரே, அதை மறந்துவிடுவோம்; சின்னம்மை என்றே எழுதியிருந்தாலும் தொடக்கம் 10-ஆம் தேதி என்றல்லவா இருக்கிறது? அதற்கு இரண்டு நாள் முன்னால் என்றால் 8, 9. சனி, ஞாயிறு. பள்ளி கிடையாது. எனவே அந்த வகுப்பில் ஒருவருக்கும் தொற்ற வாய்ப்பே இல்லை! நாற்பது பிள்ளைகளுக்கு நோய்த்தடுப்பு ஊசி போட்டாலும் இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியாது. அண்ணன் மூன்றே மூன்று நாளைத் தள்ளிப் போட்டு, ஒரு வகுப்பையே காகிதத்தில் காப்பாற்றிவிட்டார். வகுப்பாசிரியை கர்ப்பமாக இருந்தால் அவருக்கு இந்தச் சேவை இன்னும் பெரியது. அதுவரை சின்னம்மை வராத கர்ப்பிணிக்கு அது வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எந்த நாளில் அந்தப் பையனோடு ஒரே அறையில் இருந்தோம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பார். டாக்டர் கேட்கிற கேள்வியிலும் செய்கிற காரியத்திலும் நாள் கணக்குக்கு மதிப்பு உண்டு. கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கவலை அவருக்கு இல்லை. காய்ச்சல்தானே, அதுவும் திங்கட்கிழமை வந்த காய்ச்சல்.

அதே பெஞ்சில் உட்காரும் பையனுக்கு 20-ஆம் தேதி வாக்கில் முத்து தெரிந்தால் அது யார் செய்த வினை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் அப்பாவும் அதே கடைக்குத்தான் வருவார். காய்ச்சல்னு போட்டுரலாம்.

அம்மை எப்படிக் காய்ச்சலாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூச்சம் இருக்கிறது. அம்மா வந்திருக்கிறாள் என்பார்களே தவிர நோய் என்று சொல்ல வாய் வராது. அந்தக் கூச்சம் நியாயமானது, நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் கடையில் உள்ள கோப்பில் கூச்சம் ஏதும் இல்லை. அதில் ஒரே ஒரு நோய்தான் இருக்கிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று நாமெல்லாம் இரண்டாம் பாடவேளையில் மனப்பாடம் செய்த நோய். வயிற்றுப்போக்கு, கண்வலி, கைமுறிவு, பாட்டி சாவு எல்லாம் அந்த ஒன்றில் அடக்கம். தமிழில் எழுதினால் 'கடுமையான' என்ற அடைமொழி கூடும். மாநிலத்தின் பள்ளிக் கடிதங்களை நம்பி ஒருவர் ஆராய்ச்சி செய்தால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு நோயே வருவதில்லை என்ற நல்ல முடிவுக்கு வரலாம்.

கம்ப்யூட்டர் சேர்ந்துகொண்ட பிறகு கலை இன்னும் வளர்ந்திருக்கிறது. கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு பொய்யையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இப்போது `leave letter final new.docx` என்ற ஒரே கோப்பு. முந்தைய பிள்ளையின் பெயரை அழித்து இந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. சில நேரம் மேலே மாணவன், கீழே மாணவி என்று நின்றுவிடும்; வகுப்பும் பிரிவும் யாருடையதோ இருக்கும். குற்றம் சொல்லாதீர்கள், ஒரு பிள்ளையின் காய்ச்சலை இன்னொரு பிள்ளை சுமப்பது தோழமை.

தேதியை வேர்டு மென்பொருளின் Date & Time வழியாகச் செருகும்போது Update automatically என்ற பெட்டியில் டிக் விழுந்திருந்தால் இன்னும் அழகு. கோப்பை எப்போது திறந்தாலும் அன்றைய தேதி தானாக வந்து நிற்கும். பிப்ரவரி 17-இல் எழுதிய கடிதம் தொலைந்துவிட்டது என்று ஏப்ரலில் போய் இன்னொரு பிரிண்ட் கேட்டால், ஏப்ரலில் எழுதிய கடிதமாக அது வெளிவரும். உள்ளே பிப்ரவரிக் காய்ச்சல், மேலே ஏப்ரல் தேதி. இரண்டு மாதம் கழித்தும் மறக்காமல் விடுப்புக் கேட்ட பொறுப்புள்ள குடும்பம் என்று தலைமையாசிரியர் நினைத்துக்கொள்வார்.

கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் தேதி காட்டும்படி இருந்தால் மாதம் முன்னால் வரும், நாள் பின்னால் வரும். பிப்ரவரி 10 என்பது 02/10/2025 என்று நிற்கும். நம் ஊர்க் கண்ணுக்கு அது அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி! மறுபடியும் விடுமுறை நாளுக்கு விடுப்பு. 14-ஆம் தேதிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைக்காது, பதினான்காவது மாதம் இன்னும் ஏற்படாததால் 02/14 என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரே வரியில் ஒரு தேதி இந்தியாவிலும் மற்றொன்று அமெரிக்காவிலும் இருப்பது, பன்னாட்டுக் கம்பெனிகள் நிறைந்த இந்தச் சாலைக்குப் பொருத்தமே.

இதில் அப்பாவின் பங்கையும் மறைக்கக் கூடாது. அவர் நாளை மறந்தவர் அல்லர். அவருக்கு இரண்டு நாட்காட்டி. வெள்ளி இரவு பத்து மணிக்கு உள்ளே போனவர் சனி காலை ஆறுக்கு வெளியே வந்தார். அவருக்கு அது வெள்ளிக்கிழமை ஷிப்ட். அம்மா பையனின் முதுகைப் போட்டோ எடுத்து வெள்ளி இரவே வாட்ஸப்பில் அனுப்பினாள்; ஆனால் ஷிப்டுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் படத்தைப் பார்த்தார். ஆகவே 'வெள்ளி ஷிப்ட் முடிஞ்சு சனிக்கிழமை' என்பது அவர் வரையில் முழு உண்மை. அதை 'வெள்ளியா சனியா' என்று அவர் இழுத்ததில் இருந்தது குழப்பம் அல்ல, நேர்மை. நம் வள்ளலுக்கு அந்த நேர்மை பிடிக்கவில்லை. இரண்டையும் தள்ளிவிட்டுத் திங்களைக் கொடுத்தார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே குடும்பத்தோடு தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இந்தக் கொடை இன்னும் கனமாகக் கிடைக்கும். தமிழில் அடித்த காகிதத்தில் தனக்குத் தெரியாத எழுத்தில் தனக்குத் தெரியாத தேதியின் கீழ் அவர் கையெழுத்துப் போடுவார். எதிர்த்துக் கேட்க வழியே இல்லாத வாடிக்கையாளரைவிடச் சிறந்த ரசிகர் ஒரு கலைஞருக்கு யார்?

அம்மாவின் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கேலரியில் அதைத் திறந்து விவரத்தைத் தட்டினால் பிப்ரவரி 7 என்று நாளும் நேரமும் வரும். எடுத்த போனில் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் வந்து இன்னொரு போனில் இறங்கிய படத்தில் இறங்கிய நேரம்தான் இருக்கும். இந்த மாதிரி வறட்டு ஆதாரங்களைத் தேடிப் போனால் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் அண்ணன் தேடவில்லை.

சான்றிதழ் வேண்டும் என்று பள்ளி அடம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு. பையனைப் பார்க்காமலே 'வைரல் ஃபீவர்' என்று, அண்ணன் கொடுத்த அதே தேதிகளைப் போட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் எல்லா ஊரிலும் ஓரிருவர் உண்டு. கொடுக்கும் சான்றுகளுக்கெல்லாம் பதிவேடு வைத்திருக்க வேண்டும், பொய்ச் சான்று கொடுத்தால் பதிவே போகலாம் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள் சொல்கின்றன. அப்படியிருந்தும் ஒரு பையனுக்காகத் தன் தொழிலைப் பணயம் வைக்கிறார்களே, அந்தத் தியாகத்தை ஜெராக்ஸ் கடைக்குச் சற்றுக் கீழே வைத்துத்தான் போற்ற வேண்டும். கடைக்காரருக்குப் பணயம் வைக்க ஒன்றும் இல்லை. அதுதான் கலப்படமில்லாத கலை.

இனி தலைமையாசிரியரின் பெருந்தன்மை. கடிதம் அவர் மேசைக்கு வருகிறது. பையன் எந்தெந்த நாள், எந்தெந்த வேளை வரவில்லை என்பது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் சந்தேகமில்லாமல் இருக்கிறது. அது அவருடைய பள்ளியின் வருகைப் பதிவேடு. அரசுப் பள்ளியில் TNSED Schools செயலியிலும் அது அன்றன்றே ஏறிவிடுகிறது. தன் அலமாரியில் உள்ள நாளைத் தெரிந்துகொள்வதற்காக அந்த நாள் தெரியாத ஒரு மனிதரை, ஷிப்ட் முடிந்து வந்தவரை, ஓய்வெடுக்க விடாமல் கடைக்கு அனுப்பி, எழுதி வாங்கி வரச் சொல்லும் பொறுமை எல்லோருக்கும் வராது. வாங்கியதும் படிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டுக் கம்பியில் குத்திவிடுகிறார். பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதில்லை. ஒத்துப் பார்த்தால் 11-ஆம் தேதி சிரித்துக்கொண்டு நிற்கும். 7-ஆம் தேதி இரண்டு வேளையும் பையன் வந்திருந்தான் என்பதும் தெரியும். இதெல்லாம் தெரிந்துவிட்டால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டி வரும்.

இத்தனைக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை நான்கு நாள் வராததற்காகப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் பொய் சொல்வதால் ஒரு காசு லாபம் யாருக்கும் இல்லை. லாபமில்லாமல் பொய் சொல்வது எவ்வளவு உயர்ந்த நிலை!

இவ்வளவு சிறப்பும் இல்லாத கடிதம் ஒன்றும் எழுதலாம். படிக்கச் சுவையாக இராது, இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தருகிறேன். அதை எழுதுபவர் அப்பாவிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பையன் கடைசியாகப் பள்ளிக்குப் போன நாள் எது? உடம்பில் முதலில் தெரிந்தது எப்போது, யார் பார்த்தது? எந்த நாள் திரும்பப் போகிறான்? அப்பாவுக்குத் தெரியாவிட்டால் அம்மாவுக்கு ஒரு போன். அதிலும் தெளியாவிட்டால் 'பொங்கலுக்கு அப்புறமா, தைப்பூசத்துக்கு முன்னாடியா' என்று கேட்டால் பெரும்பாலும் சிக்கிவிடும். நம் மக்கள் தேதியை மறப்பார்கள், நல்ல நாளை மறக்க மாட்டார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளி என்று ஒரு வார்த்தை வந்தால் காலண்டர் மிச்சத்தைச் சொல்லிவிடும். கடிதம் இப்படி இருக்கும்:

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு 7-2-2025 வெள்ளிக்கிழமை இரவு சின்னம்மை தெரிந்தது. அன்று மாலை வரை அவன் பள்ளியில் இருந்தான். 10-2-2025 திங்கள் முதல் வரவில்லை. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்துவிட்டன. 17-2-2025 திங்கட்கிழமை அனுப்புகிறோம். மருத்துவரிடம் காட்டவில்லை, அதனால் சான்று இல்லை. இடையில் வந்த வேலை நாட்களுக்கு விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். அவனோடு உட்காரும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளவும்.'

என்ன வறட்சி! கடுமையான என்ற சொல் இல்லை, பணிவுடன் இல்லை, எத்தனை நாள் என்ற எண்ணிக்கைகூட இல்லை. எண்ணிக்கையை எழுதாததால் தைப்பூசத்தை அவமதிக்கும் வாய்ப்பும் போயிற்று. 10 என்று ஒரு முனை, 17 என்று மறுமுனை. நடுவில் எத்தனை வேலை நாள் என்பதைப் பள்ளி தன் பதிவேட்டைப் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. எழுதியவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார், தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் போட்டிருக்கிறார். கிழமை இருந்தால் பிழை உடனே கண்ணில் படும்: 10-2-2025 செவ்வாய் என்று யாராவது அடித்தால் ஏதோ ஒன்று தப்பு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். கலைஞர்கள் கிழமை எழுதாததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

அம்மை போட்டிருக்கும்போதே, அதாவது 10-ஆம் தேதி காலையிலேயே, கடிதம் கொடுத்தனுப்புவது என்றால் இன்னும் மோசம். திரும்பும் நாள் யாருக்கும் தெரியாது. முத்து நாலைந்து நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும், காய்வது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அந்தக் கடிதத்தில் 'எல்லாம் காய்ந்த பிறகு அனுப்புகிறோம், நாள் பிறகு தெரிவிக்கிறோம்' என்று எழுத வேண்டியிருக்கும். 'முதல்' இருக்கும், 'வரை' இருக்காது. வால் இல்லாத கடிதம். ஆனால் அது 10-ஆம் தேதியே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அம்மையென்று தெரிந்து, 15-ஆம் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் வகுப்பாசிரியை கையில் இருந்திருக்கும்.

எவ்வளவு முயன்றும் நாள் கிடைக்கவில்லை என்றால்? அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், போன் எடுக்கவில்லை, பையனுக்கும் நினைவில்லை. அப்போது '________ முதல்' என்று கோடு போட்டு இடம் விட்டுக் கொடுக்கலாம். அப்பா பள்ளி அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பேனாவால் நிரப்பிக்கொள்வார். வராத நாள் அங்கே கிடைத்துவிடும்; முத்து தெரிந்த நாள் கிடைக்காது, அதற்கு அம்மா போனை எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். வெறும் கோட்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று அண்ணன் கேட்பார். நியாயம்தான். பதினைந்து வருடமாக வெறும் கோட்டை ஒருவர் கையிலும் கொடுத்து அனுப்பாதவர் அவர்.

ஆகவே இந்தத் தொழிற்பேட்டையில் பிள்ளை வளர்க்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைக்கு முன்னால் நின்று லீவ் லெட்டர் கேட்கும்போது, அண்ணன் உங்களைக் கேட்காமல் '10-02' என்று தட்ட ஆரம்பித்தால், "அண்ணே, இருங்க, அந்த எடத்த விடுங்க" என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு, முதுகில் முத்து தெரிந்த நாளையும் பையன் கடைசியாகப் பள்ளிக்குப் போன நாளையும் கேளுங்கள். இரண்டையும் கிழமையோடு எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அண்ணனுக்கு வருத்தம் இருக்கும். ஒரு கலைஞனின் கையைப் பாதியில் பிடித்தால் வருத்தம் இருக்கத்தான் செய்யும். பிரிண்ட்டுக்கான காசை மட்டும் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.